உரக்கடைக் கடன் தாளில் எழுத்தாகக் கிடந்த தேதிகளும் தலைகீழாய்ப் புரண்ட தேதிகளும்: ஒரு சீரமைப்புப் பதிவு

அம்பாசமுத்திரத்தில் எனக்கு நெடுநாள் பழக்கமான ஓர் உரக்கடை இருக்கிறது. பிசானத்துக்கு நடவு தொடங்கும் ஐப்பசியில் அடியுரமும், பயிர் தூர் கட்டும்போது மேலுரமும் கடனுக்கு எடுத்துச் செல்லும் விவசாயிகள், அறுவடை முடிந்து நெல் விற்ற கையோடு பணத்தைக் கொண்டுவந்து கட்டுவது அந்தக் கடையின் வழக்கம். 2025 ஏப்ரலில் கடைக்கார அண்ணாச்சி என்னை அழைத்து, கடன் எடுத்த நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் ஆயிற்று என்று எக்செல் தாளில் கணக்குப் போட்டுத் தரச் சொன்னார். 90 நாளைத் தாண்டியவர்களிடம் அடுத்த பருவத்துக்கு முன் பேசி வைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். தாளில் பில் எண், பெயர், பில் தேதி, வரவுத் தேதி என்று நான்கு நெடுவரிசைகளும் 412 பில்களும் இருந்தன. ஒரு தேதியிலிருந்து மற்றொன்றைக் கழிப்பதுதானே, கால் மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

கழித்துப் பார்த்ததும் பாதிக்கு மேற்பட்ட வரிகளில் `#VALUE!` என்று வந்தது. எண் வந்த வரிகளில் சில நம்பும்படி இருந்தன, சில இல்லை. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு வரியில் விரலை வைத்தார்.

“ஐப்பசியில உரம் எடுத்தவரு, தை முடியுமுன்ன பணத்தைக் கொண்டாந்து கொடுத்துட்டாரு தம்பி. அவரு பேருக்கு நேர 509 நாளுன்னு நிக்கி. இதை வச்சிக்கிட்டு நான் எப்படி அவருகிட்டப் பேச?”

அந்த வரியில் பில் தேதி 5/11/2024 என்றும் வரவுத் தேதி 10/2/2025 என்றும் இருந்தன. நவம்பர் 5 முதல் பிப்ரவரி 10 வரை எண்ணினால் 97 நாள்தான். கண்ணுக்குத் தேதி சரியாகத் தெரிகிறது, கழித்தால் மட்டும் தவறு வருகிறது. இந்த முரண்பாட்டில்தான் சிக்கலின் வேர் இருந்தது, ஆனால் அன்று அதை நான் உடனே பிடித்துவிடவில்லை.

முதலில் `#VALUE!` வரிகளைக் கவனித்தேன். எக்செல் ஒரு தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை, ஓர் எண்ணாக வைத்துக்கொள்கிறது. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று கொண்டு எக்செல் எண்ணும் கணக்கில், 2024 நவம்பர் 5-க்கு 45601 என்ற எண்ணும், 2025 பிப்ரவரி 10-க்கு 45698 என்ற எண்ணும் கிடைக்கும். நாம் திரையில் காணும் நாள், மாதம், ஆண்டு எல்லாம் அந்த எண்ணுக்கு உடுத்திய உடுப்பு மட்டுமே. கழித்தல் என்பது 45698-லிருந்து 45601-ஐக் கழிப்பது, அதனால்தான் 97 வருகிறது. ஆனால் ஒரு கட்டத்தில் இருப்பது எண்ணாக இல்லாமல் `18/11/2024` என்ற பத்து எழுத்துகளாக இருந்து, அந்தக் கணினி அவற்றைத் தேதியாகப் படிக்கவும் முடியாமல் போனால், கழிக்க அங்கே ஒன்றுமில்லை. வரிசைப்படுத்தினாலும் இதே கதைதான். உண்மையான தேதிகள் எல்லாம் எண்கள் என்பதால் மேலே போய்விடும். எழுத்துகள் கீழே தங்கி, எழுத்து வரிசைப்படி 13/01/2025-க்கு அடுத்து 13/10/2024, அதற்கடுத்து 13/11/2024 என்று நிற்கும். ஜனவரி, அதற்கு முந்தைய அக்டோபருக்கு மேலே ஏறிவிடும்.

எது எழுத்து, எது எண் என்று பார்வையிலேயே அறிய எளிய வழி ஒன்று உண்டு. கட்டத்தின் சீரமைப்பில் யாரும் கை வைக்கவில்லை என்றால், எழுத்து இடப்பக்கமும் எண் வலப்பக்கமும் ஒட்டி நிற்கும். இந்தத் தாளில் கடைப் பையன் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் வைத்திருந்ததால் அந்த அடையாளம் அழிந்துபோயிருந்தது. ஆகவே பக்கத்தில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, `=ISNUMBER(C2)` என்று கேட்டு இறுதிவரை இழுத்துவிட்டேன். பில் தேதிகளில் 163 கட்டங்கள் `TRUE` என்றன, 249 கட்டங்கள் `FALSE` என்றன.

இந்த 249-ஐ மாற்ற நான் முதலில் செய்தது, பலரும் செய்வதுதான். நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, `Format Cells` சென்று `Date` என்று கொடுத்தேன். ஒன்றும் அசையவில்லை. உடுப்பை எண்ணுக்குத்தான் மாற்ற முடியும், எழுத்துக்கு அது பொருந்தாது. அடுத்து `DATEVALUE` என்ற சார்பைக் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் `#VALUE!` என்றது. அந்தச் சார்பு எழுத்தைத் தேதியாகப் படிக்கும்போது கணினியின் வட்டார அமைப்பைப் பார்க்கிறது. இந்த மடிக்கணினி பழையதாக வாங்கியது, அதன் விண்டோஸ் அமெரிக்க அமைப்பில் இருந்தது. அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. பதினெட்டாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அது மறுத்துவிட்டது.

எனவே, கணினியின் ஊகத்துக்கு இடம் தராமல், எழுத்துகளை நானே வெட்டி ஆண்டு, மாதம், நாள் என்று கையில் கொடுத்தேன்.

```
=IF(ISTEXT(C2),DATE(RIGHT(C2,4),MID(C2,4,2),LEFT(C2,2)),C2)
```

எழுத்தாக இருந்தால் கடைசி நான்கு எழுத்தை ஆண்டாகவும், நான்காம் இடத்திலிருந்து இரண்டை மாதமாகவும், முதல் இரண்டை நாளாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும், எண்ணாக இருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது இதன் பொருள். வரவுத் தேதிக்கும் இதையே செய்து, கிடைத்த விடைகளை மதிப்புகளாகப் பழைய நெடுவரிசைகளின் மேலேயே ஒட்டினேன். `#VALUE!` ஏறக்குறைய அத்தனையும் மறைந்தன. ஒரு வரியைக் காகிதத்தில் எண்ணிச் சரிபார்த்தேன். பில் தேதி 10/11/2024, வரவுத் தேதி 1/2/2025. தாள் 83 நாள் என்றது. நவம்பரில் 20, டிசம்பரில் 31, ஜனவரியில் 31, பிப்ரவரியில் 1, ஆக 83. சரியாக இருந்ததால் 509 நாள் வரியை மட்டும் யாரோ தட்டச்சில் செய்த பிழை என்று எண்ணி, மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டேன்.

திரும்பி வந்து வடிகட்டியைத் திறந்தபோதுதான் உண்மை தெரிந்தது. உண்மையான தேதிகள் உள்ள நெடுவரிசையில் `Filter` அம்புக்குறியைச் சொடுக்கினால், ஆண்டின் கீழ் மாதம், மாதத்தின் கீழ் நாள் என்று கிளைகளாகக் காட்டும். கடன் பில்கள் அக்டோபரில் தொடங்கி ஜனவரியில் முடிந்தவை. ஆனால் அந்தக் கிளைகளில் மார்ச், மே, ஆகஸ்ட் எல்லாம் இருந்தன. வரவுத் தேதிகளில் 2025 அக்டோபர்கூட இருந்தது. நான் உட்கார்ந்திருந்தது ஏப்ரலில்.

முதலிலேயே எண்ணாக இருந்த 163 கட்டங்கள் நல்ல தேதிகள் என்று நான் நம்பியிருந்தேன். அவைதான் கெட்டவை. பில் மென்பொருள் தந்த சிஎஸ்வி கோப்பை இந்த மடிக்கணினியில் இருமுறை சொடுக்கித் திறந்தபோது, எக்செல் ஒவ்வொரு தேதியையும் அமெரிக்க முறையில் படிக்க முயன்றிருக்கிறது. நாள் 12-க்கு மேல் இருந்தவற்றைப் படிக்க முடியாமல் எழுத்தாகவே விட்டுவிட்டது. நாள் 1 முதல் 12-க்குள் இருந்தவற்றையோ மாதம் என்று எடுத்துக்கொண்டு, நவம்பர் 5-ஐ மே 11 ஆக்கிவிட்டது. காட்டும்போதும் அதே அமெரிக்க முறையில் 5/11/2024 என்று காட்டியதால், நம் ஊர்க் கண்ணுக்கு அது நவம்பர் 5 ஆகவே தெரிந்தது. எண் வடிவத்தைப் பொதுவானதாக, அதாவது `General` என்று மாற்றிப் பார்த்தால் 45601 வர வேண்டிய இடத்தில் 45423 வந்தது. 509 நாள் என்பது 2024 மே 11 முதல் 2025 அக்டோபர் 2 வரையான கணக்கு.

நான் சரிபார்த்த வரி ஏன் சரியாக வந்தது என்றும் பார்த்தேன். நவம்பர் 10, அக்டோபர் 11 ஆகியிருந்தது. பிப்ரவரி 1, ஜனவரி 2 ஆகியிருந்தது. தவறான அந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே உள்ள தூரமும் தற்செயலாக 83 நாள். இத்தகைய தாளில் நாள் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது போதாது, ஒவ்வொரு தேதியையும் மாதப் பெயருடன் பார்க்க வேண்டும் என்பதை அந்த ஒரு வரியால் அறிந்தேன். அன்று முதல் இந்த வேலைகளில் நான் முதலில் செய்வது, `Format Cells` பகுதியில் `Custom` சென்று `dd-mmm-yyyy` என்று தருவதுதான். 11-May-2024 என்று எழுதிக்காட்டினால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

இதற்குள் இன்னொரு பெரிய தவறும் நடந்துவிட்டிருந்தது. ஒரு கட்டம் எழுத்தாக இருந்ததா, எண்ணாக இருந்ததா என்பதுதான் அது சரியான தேதியா, புரண்ட தேதியா என்று சொல்லும் ஒரே சாட்சி. என் விடைகளைப் பழைய நெடுவரிசையின் மேலேயே ஒட்டியதால் எல்லாம் எண்ணாகி, அந்தச் சாட்சி அழிந்துவிட்டது. வேலை தொடங்குமுன் கோப்பின் படி ஒன்றை எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். மூல சிஎஸ்வி கையில் இருந்திருந்தால் இத்தனை பாடு தேவையே இல்லை, அதை மறுபடி முறையாக இறக்கியிருக்கலாம். ஆனால் பில் போட்ட கணினியின் வன்தட்டு மார்ச்சில் போய்விட்டது. வரவுத் தேதிகளோ இந்தத் தாளிலேயே கையால் சேர்க்கப்பட்டவை.

படியைத் திறந்து இரண்டாம் முறை தொடங்கினேன். இந்த முறை மூல நெடுவரிசையின் மேல் விடைகளை ஒட்டவில்லை. முதலில், 163 கட்டங்களும் உண்மையிலேயே புரண்டவைதானா என்று ஒரு சோதனை செய்தேன். புரண்ட தேதியில் இன்று நாளாக நிற்பது உண்மையில் மாதம். எனவே `=DAY(C2)` என்று கேட்டால் 10, 11, 12, 1 ஆகிய நான்கு எண்கள் மட்டுமே வர வேண்டும். 158 கட்டங்களில் அப்படியே வந்தது. ஐந்தில் வரவில்லை. கடைப் பையனிடம் கேட்டபோது, சில தேதிகள் தவறாக வரிசையாவதைக் கண்டு, மாதத்தை முன்னால் போட்டால் சரியாகிறது என்று கண்டுபிடித்து, ஐந்தைத் தானே திருத்தியதாகச் சொன்னான். அவன் செய்தது சரியே, அந்த ஐந்தும் நல்ல தேதிகள். அவற்றை நான் திருப்பினால் கெட்டுவிடும். அதுவும் ஓசையின்றிக் கெடும். `DATE(2024,18,11)` என்று தந்தால் எக்செல் பிழை சொல்லாது, பதினெட்டாம் மாதத்தை அடுத்த ஆண்டுக்கு உருட்டிச் சென்று 2025 ஜூன் 11 என்று தந்துவிடும்.

எழுத்துக் கட்டங்களிலும் ஒரு துப்புரவு தேவைப்பட்டது. `=LEN(D2)` என்று நீளத்தைக் கேட்டபோது, வரவுத் தேதிகளில் ஆறு கட்டங்கள் பத்துக்குப் பதில் பதினோரு எழுத்து என்றன. அவை வங்கியின் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியவை. ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத, உடையா இடைவெளி என்ற ஓர் எழுத்தும் வந்து ஒட்டிக்கொண்டது. `TRIM` அதை அகற்றாது. `Find & Replace` கொண்டு அகற்றவும் கூடாது. இடைவெளி போனவுடன் எக்செல் அந்தக் கட்டத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்ததாகக் கொண்டு மறுபடி படிக்கும், இதுவரை எழுத்தாகத் தப்பியிருந்த 07/02/2025 நம் கண் முன்னே ஜூலை 2 ஆகிவிடும். சூத்திரத்துக்குள்ளேயே அகற்றுவதுதான் பாதுகாப்பு. 18.11.24 என்று புள்ளி வைத்து, ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய நான்கு கட்டங்களைச் சூத்திரத்துக்குள் இழுக்காமல் படியில் 18/11/2024 என்று கையால் நிரப்பிவிட்டேன். நான்கு வரிக்காகச் சூத்திரத்தைச் சிக்கலாக்குவதில் பயனில்லை.

கடைசியில் நின்ற அமைப்பு இரண்டு படிகள் கொண்டது. முதல் துணை நெடுவரிசை எழுத்தை மட்டும் துப்புரவு செய்யும், எண்ணைத் தொடாது, வெற்றுக் கட்டத்தை வெறுமையாகவே விடும்.

```
=IF(C2="","",IF(ISTEXT(C2),TRIM(SUBSTITUTE(C2,CHAR(160)," ")),C2))
```

வெறுமைக்கான அந்த முதல் சோதனை வரவுத் தேதிக்குத்தான் முக்கியம். இன்னும் பணம் கட்டாதவர்களின் கட்டம் காலியாக இருக்கும். அந்தச் சோதனை இல்லாவிட்டால் காலி என்பது 0 என்ற எண்ணாக வந்து, அடுத்த படியில் பொருளற்ற ஒன்றாக மாறும். இரண்டாம் துணை நெடுவரிசை, முதலாவதை (இங்கே G) பார்த்துத் தேதியைக் கட்டும்.

```
=IF(G2="","",IF(ISNUMBER(G2),
  IF(DAY(G2)>12,G2,DATE(YEAR(G2),DAY(G2),MONTH(G2))),
  DATE(RIGHT(G2,4),MID(G2,4,2),LEFT(G2,2))))
```

எண்ணாக இருந்து, நாள் 12-க்கு மேல் என்றால் அது புரண்டதாக இருக்கவே முடியாது, எனவே அப்படியே விடுகிறோம். எண்ணாக இருந்து, நாள் 12-க்குள் என்றால் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றுகிறோம். எழுத்தாக இருந்தால் வெட்டிக் கட்டுகிறோம்.

பையன் திருத்திய ஐந்தில் மூன்றை அந்தப் பன்னிரண்டு என்ற எல்லை காப்பாற்றிவிட்டது. மற்ற இரண்டு மாதத் தொடக்க நாள்கள் என்பதால் அவை தவறாகத் திருப்பப்பட்டிருக்க வேண்டும். அவை எங்கே என்று காண்பதற்கு நான் பில் எண்ணை நம்பினேன். பில் எண் ஏறுவரிசையில் போகிறது. எனவே பில் எண் வரிசையில் தாளை வைத்தால் தேதியும் ஏற வேண்டும் அல்லது அதே நாளில் நிற்க வேண்டும், இறங்கக் கூடாது. புதிய தேதிகள் H-இல் இருக்க, பக்கத்தில் `=H3<H2` என்று எழுதி இழுத்தேன். இரண்டு இடங்களில் மட்டும் `TRUE` வந்தது. ஒரு தேதி மிகவும் பின்னால் போயிருந்தால் அதே வரியில் `TRUE` வரும், மிகவும் முன்னால் போயிருந்தால் அடுத்த வரியில் வரும். ஆகவே `TRUE` வந்த வரியையும் அதற்கு மேல் வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்த்தபோது பையன் சொன்ன அதே இரண்டு பில்கள்தான். கையால் சரிசெய்தேன், `TRUE` ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தச் சோதனைக்குப் பிறகுதான் என் சூத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை வந்தது. அதன் எல்லையையும் சொல்ல வேண்டும்: ஒரு நாள், இரண்டு நாள் வித்தியாசம் போன்ற சிறு பிழைகளை இது எப்போதும் காட்டாது. மாதம் மாறிப் புரண்டதைக் காட்டுவதில்தான் இது வலியது.

வரவுத் தேதிகளுக்கு அப்படி ஒரு வரிசை எண் இல்லை. அவற்றில் பில் தேதிக்கு முந்தையதோ, ஏப்ரலுக்குப் பிந்தையதோ ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ரசீதுப் புத்தகத்திலிருந்து இருபது ரசீதுகளை எடுத்து அண்ணாச்சி வாசிக்க வாசிக்கத் தாளில் ஒப்பிட்டேன். இருபதும் ஒத்தன. 12/10/2024 அன்று எடுத்து 3/12/2024 அன்று கட்டிய ஒருவரின் வரியில் முன்பு `########` என்று மட்டும் தெரிந்தது. டிசம்பர் 10 முதல் மார்ச் 12 வரை என்று பின்னோக்கி எண்ணி, விடை கழித்தல் 273 ஆக, விடைக் கட்டமும் தேதி வடிவில் இருந்ததால் எக்செல் அதைக் காட்ட முடியாமல் நின்றிருக்கிறது. இப்போது 52 என்று வந்தது. 90 நாளைத் தாண்டிய பில்கள் பழைய தாளில் 74 என்று இருந்தவை 31 ஆகக் குறைந்தன. அந்த 31-இல் 12 முன்பு `#VALUE!` என்று பட்டியலுக்கே வராமல் போனவை.

நெடுவரிசை முழுவதும் ஒரே மாதிரி எழுத்தாக மட்டும் இருந்தால், அதாவது ஒன்றுகூட எண்ணாக மாறியிராவிட்டால், இத்தனை சூத்திரம் வேண்டாம். நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, `Data` பட்டியில் `Text to Columns` சென்று, மூன்றாம் திரையில் `Date` என்பதையும் அதன் பக்கத்தில் `DMY` என்பதையும் தேர்ந்தால் முடிந்தது. ஆனால் அதற்கு முன் `ISNUMBER` சோதனையைச் செய்து, `TRUE` ஒன்றுகூட இல்லை என்று பார்த்துக்கொள்வேன்.

இனி வருவதற்கும் ஒரு ஏற்பாடு செய்தேன். விண்டோஸின் வட்டார அமைப்பை `English (India)` என்று மாற்றினேன். ஏற்கனவே எண்ணாகிவிட்ட பழைய தேதிகளை இது திருத்தாது, இனித் தட்டச்சு செய்வதற்கு மட்டுமே உதவும். புதிய பில் கணினியிலிருந்து வரும் சிஎஸ்வியை இருமுறை சொடுக்கித் திறக்காமல், `Data` பட்டியில் `From Text/CSV` வழியாக எடுத்து, `Transform Data` திரையில் தேதி நெடுவரிசையின் தலைப்பில் வலது சொடுக்கி, `Change Type` என்பதில் `Using Locale` சென்று, `Date` என்றும் `English (India)` என்றும் தரப் பையனுக்குச் செய்துகாட்டினேன். அவனே இரண்டு முறை செய்துபார்த்தான்.

வரவுத் தேதி நெடுவரிசைக்கு `Data Validation` கொடுத்து, பருவத்தின் தொடக்க நாளுக்கும் இறுதி நாளுக்கும் இடைப்பட்ட தேதியை மட்டும் ஏற்கும்படி வைத்தேன். எழுத்தாக எதையாவது அடித்தால் அது ஏற்காது. ஆனால் வங்கிப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் அந்தக் காவல் செல்லாது. எனவே தாளின் உச்சியில் ஒரு வரியைச் சேர்த்து, அதில் ஒரு கட்டத்தில் `=COUNTA(D3:D2000)-COUNT(D3:D2000)` என்று எழுதி, 0 அல்லாத எண் வந்தால் சிவப்பாகும்படி செய்தேன். பில் தேதி புரண்டால் இதற்குத் தெரியாது என்பதால், பில் எண் வரிசைச் சோதனைக்கான நெடுவரிசையையும் மறைக்காமல் தாளிலேயே விட்டிருக்கிறேன். அண்ணாச்சி அன்று மாலையே 97 நாள்காரரின் வரியைத் திரும்பப் பார்த்துவிட்டு, 31 பில்களின் பட்டியலை அச்சிடச் சொன்னார்.